டேய், யக்கோவ், மியாவ், டோய்: ஆங்கிலச் சொல்லின் வால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் காசிமேட்டுத் தம்பி ஒருவர், தண்டையார்பேட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கு ஒரு குறையோடு வந்தார். வெளிநாட்டு ஆபீஸிலிருந்து போன் வரும், அன்றைக்கு எந்த லோடு கிளம்புகிறது என்று இவர் சொல்ல வேண்டும். இவர் சொன்னது ஐந்தே சொல்: ‘ஆயில் லோட் கோஸ் அவுட் டுடே’. எதிர்முனையில் இருந்தவர் “விச் லாட்?” என்று கேட்டிருக்கிறார். இவர் லோட் என்று இன்னும் சத்தமாக, இன்னும் வெடுக்கென்று சொல்ல, அவருக்கு மறுபடியும் லாட் என்றே கேட்டிருக்கிறது. சரக்கு வேலையில் லோட் வேறு, லாட் வேறு. ஒன்று வண்டியில் ஏறுவது, இன்னொன்று சரக்கைப் பிரித்து எண் போட்டு வைத்த தொகுதி. அன்றைக்கு அந்த போன் பேச்சு பத்து நிமிடம் இழுத்திருக்கிறது.

என்னிடம் அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். இலக்கணம் சரி, சொற்கள் சரி, அவசரமும் இல்லை. உயிரெழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றும் பாதியில் நின்றன. அந்த ஐந்து சொல்லில் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் டிப்தாங் இருக்கிறது, அதாவது ஓர் உயிரில் தொடங்கி இன்னோர் உயிரை நோக்கி வழுக்கிப் போகும் ஒலி. தமிழில் ஈருயிர் என்று எழுதுவார்கள். நாள் என்ற பொருளில் வரும் டே, போ என்ற பொருளில் வரும் கோ, இப்போது என்ற பொருளில் வரும் நவ், பையன் என்ற பொருளில் வரும் பாய், இந்த நான்கும் நான்கு வகைக்கு மாதிரி. டே வகையும் பாய் வகையும் இகரத்தை நோக்கி வழுக்கும். கோ வகையும் நவ் வகையும் உகரத்தை நோக்கி வழுக்கும்.

கோளாறு எப்படிப் பிறக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சொல்லும் மருந்து பிடிபடாது. நம் ஏகாரமும் ஓகாரமும் நகராத ஒலிகள். ‘வீடே’, ‘போ’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கும் உதடும் முதலில் எங்கே நிற்கிறதோ கடைசி வரை அங்கேயே நிற்கும். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘டே’ என்றும் ‘கோ’ என்றும் எழுதிப் படித்த நமக்கு அந்த நிற்கும் ஒலிதான் பழகியிருக்கிறது. நவ் வகையில் வேறு கதை. ஔவை என்று எழுதி அவ்வை என்று படிக்கிறோம், ஔகாரம் நம் வாயில் ‘அவ்’ என்று குறுகி, உதடு பல்லில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஐகாரக் குறுக்கம், ஔகாரக் குறுக்கம் என்று நம் இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது அல்லவா, சொல்லுக்குள் வரும்போது இவை மாத்திரை குறையும். தமிழுக்கு அது முறை. ஆங்கிலத்தில் அதே குறுக்கத்தைச் செய்தால் சொல் வேறு சொல்லாகிவிடும்.

இத்தனைக்கும் நம் தெருவில் இந்த நான்கு ஒலியும் தினமும் ஓடுகின்றன. இதை எனக்குக் காட்டியதும் அதே தம்பிதான். இரண்டாவது நாள் கீழே வாசல் பூட்டியிருந்தது, அவர் படிக்கட்டடியில் நின்று “யக்கோவ்!” என்று கூப்பிட்டார். மாடியில் இருந்த எனக்கு அந்த ஓகாரம் எவ்வளவு அழகாக உதடு சுருங்கி உகரத்தில் போய் அடங்கியது என்று கேட்டது. கோ என்ற சொல்லில் அவருக்கு வராமல் இருந்தது அந்தச் சுருக்கம் ஒன்றுதான். அன்றிலிருந்து நான் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: டே வகைக்கு ‘டேய்’, கோ வகைக்கு ‘யக்கோவ்’, நவ் வகைக்குப் பூனையின் ‘மியாவ்’, பாய் வகைக்கு ‘வந்துட்டான்டோய்’ என்பதில் வரும் ‘டோய்’. வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வளர்ந்த யாருக்கும் இவற்றைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் சோதனை

உங்கள் வாயை நீங்களே நம்ப வேண்டாம், சொல்லும்போது நமக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்கும். போனில் பதிவு செய்யுங்கள். மே மாதத்தின் மே, இல்லை என்ற பொருளில் வரும் நோ, இப்போது என்ற நவ், இந்த மூன்றையும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, வழக்கமாக எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். பிறகு அந்தப் பதிவைத் தலைகீழாக ஓட விடுங்கள். கணினி இருந்தால் Audacity என்ற இலவச மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, Effect பட்டியலில் Reverse கொடுத்தால் போதும்.

வழுக்கல் இருந்தால் மே என்பது திரும்பும்போது ‘யேம்’ என்று கேட்கும். நோ ‘வோன்’ என்று கேட்கும். நவ் கிட்டத்தட்ட ‘வான்’ என்று கேட்கும். வழுக்கல் இல்லாவிட்டால் ‘ஏம்’, ‘ஓன்’ என்று மொட்டையாகத் தொடங்கும். நேராகக் கேட்கும்போது மனசு தனக்குத் தெரிந்த சொல்லைக் கேட்டுக்கொள்கிறது. தலைகீழாகக் கேட்டால் அது சொல்லே இல்லை என்பதால் ஒலி மட்டும் காதில் விழுகிறது. மகர, நகரத்தில் தொடங்கும் சொற்களை எடுக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு, ட, க, ப போன்ற வெடிப்பொலிகள் தலைகீழாகும்போது கரகரத்துக் குழப்பும்.

தம்பியின் பதிவில் மே ‘ஏம்’ என்றும், நோ ‘ஓன்’ என்றும் வந்தன. நவ் ‘வன்’ என்று வந்தது, அதாவது வால் இருக்கிறது, ஆனால் தலை சின்னதாகப் போய்விட்டது. மூன்றும் ஒரே கோளாறு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. உங்களுக்கு எது வருகிறதோ அதற்குரிய பகுதிக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: பேப்பர் கேட்டால் பெப்பர் என்று புரிந்துகொள்கிறார்கள், லேட் என்றால் லெட், சேல் என்றால் செல்

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழுக்காமல், ஆனால் நன்றாக நீட்டி ‘டே’ என்று சொன்னால் அது பிழை ஆகாது. இந்தியாவில் பெரும்பாலோர் அப்படித்தான் பேசுகிறோம், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் சில பகுதிகளிலும் அப்படிப் பேசுகிறார்கள், கேட்பவர்களுக்குப் புரியும். சிக்கல் எப்போது வருகிறதென்றால், வழுக்கலும் இல்லாமல் நீளமும் குறையும்போது. அப்போது ஏகாரம் எகரமாகிவிடுகிறது. வேகமாகப் பேசினால் நீளம் முதலில் குறையும், அந்த நேரத்தில் ‘இது எகரம் இல்லை’ என்று காட்டிக்கொடுப்பது கடைசியில் வரும் அந்தச் சின்ன இகர வழுக்கல் ஒன்றுதான். அதனால்தான் அது தேவை.

மருந்து இதுதான். ஆடு ‘மேய்’ என்று சொல்லுங்கள், அது மே மாதத்தின் மே. ‘பேய்’ என்று சொல்லுங்கள், அது பணம் கட்டுவது. ‘சேய்’, அது சொல்வது. இப்படி நம் சொற்களை வைத்து முதலில் வழுக்கலைக் கொண்டுவந்துவிடுங்கள். நாக்கின் இரண்டு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களை நோக்கி ஏறுவது தெரியும், மோவாய்க்குக் கீழே விரல் வைத்தால் கடைசியில் தாடை லேசாக மேலே வருவதும் தெரியும்.

அடுத்தது, இந்த யகரத்தை மெலிதாக்க வேண்டும். நம் ‘பேய்’ முடிவில் ய் அழுத்தமாக, முழுதாக வருகிறது. ஆங்கிலத்தில் முதல் உயிர்தான் எஜமான்; கிட்டத்தட்ட முக்கால் பங்கு நேரம் அதற்கே, கடைசிக் கால் பங்குதான் வழுக்கல், அதுவும் குரல் தணிந்துகொண்டே போகும், நாக்கு முழு இகரத்தை எட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. இகரம் சொல்லப் போகிறோம் என்று கிளம்பி, போய்ச் சேர்வதற்கு முன் குரலை விட்டுவிடுங்கள். இதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், ‘டெய்ய்ய்’ என்று தலையைச் சுருக்கி வாலை இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் கேட்பவருக்குச் செயற்கையாக இருக்கும், சில நேரம் டை என்றும் கேட்கும்.

சொல்லின் நடுவில் வரும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். லேட், பேப்பர், மேக் என்று பின்னால் ட, ப, க, ஸ போன்ற அதிர்வில்லாத மெய் வந்தால் முழு உயிரும் கொஞ்சம் குறுகும். அது ஆங்கிலத்தின் இயல்பு. ஆனால் குறுகும்போது வாலை வெட்டக் கூடாது, தலையும் வாலும் சேர்ந்தே குறுக வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்து கடைசியில் வேக வேகமாகக் குதித்தாலும் ஒவ்வொரு குதியும் முழுக் குதிதானே, அப்படி. ‘லெய்ட்’ என்று யகரத்தை நினைத்துக்கொண்டு வேகமாகச் சொன்னால் சரியாக அமையும். எடை என்ற பொருளில் வரும் வெயிட்டை நாம் யகரத்தோடுதான் எழுதுகிறோம், அந்தப் பழக்கத்தையே லேட்டுக்கும் பேப்பருக்கும் கொண்டுவாருங்கள். வெயிட் இரண்டு அசையாக உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: லோட் லாட் ஆகிறது, நோட் நாட் ஆகிறது, கோட் போட்டேன் என்றால் கோர்ட்டா என்கிறார்கள்

தம்பிக்கு வந்தது இதுதான். இதிலும் இரண்டு கிளை. ஓகாரத்தை வெடுக்கென்று வெட்டினால் அது லாட், நாட், காஸ்ட் என்ற குறில் பக்கம் போய்விடும். வெட்டாமல் நீட்டி, ஆனால் உதட்டை நகர்த்தாமல் வைத்திருந்தால் வேறு தொல்லை: இன்றைய பிரிட்டிஷ்காரர்கள் கோர்ட் என்ற சொல்லைச் சொல்லும் விதம் நம் ஓகாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, அதில் ரகரம் கேட்காது. அதனால் நாம் மேலே போடும் கோட்டை நகராத ஓகாரத்தில் நீட்டினால் அவர்களுக்கு நீதிமன்றம் கேட்கிறது. கூடுதலாக நீட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்த வகைக்குக் கண்ணாடிதான் மருந்து. போனின் முன்பக்கக் கேமராவை வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. ‘யக்கோவ்’ என்று கூப்பிடுங்கள். உதட்டு வட்டம் ஓகாரத்தில் ஒரு அளவில் இருக்கும், கடைசியில் அது சுருங்கிச் சின்ன வட்டமாகும். கீழுதடு மேல் பல்லைத் தொடக் கூடாது, தொட்டால் அது வகரமாகிவிடும். இப்போது ‘யக்’ என்பதை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு மிச்சத்தை வாயால் சொல்லுங்கள், ககரத்தை ‘கோல் போஸ்ட்’டில் வருகிற மாதிரி அதிர்வோடு எடுங்கள். போ என்ற பொருள் தரும் கோ வந்துவிட்டது. வீடியோவில் வட்டம் சுருங்கவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான், காதால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கோல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வியாசர்பாடியிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் பந்து விளையாடுகிறவர்கள், அவர்களுக்கு கோல், போஸ்ட், த்ரோ, கோச், ஓன் கோல் எல்லாமே இந்த வகைச் சொற்கள். இவற்றில் த்ரோவை முதலில் பழகுங்கள், பின்னால் மெய் இல்லாததால் உதடு சுருங்க இடமிருக்கிறது. கோலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் லகரம் அந்த உகர வழுக்கலைத் தன்னோடு இழுத்துக் கரைத்துவிடும், ஆங்கிலேயர் வாயிலேயே அங்கே வழுக்கல் தெளிவாகக் கேட்காது. கோல் என்ற சொல்லை வைத்துப் பழகிவிட்டு ‘எனக்கு வழுக்கல் வரவில்லை’ என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம்.

பிரிட்டிஷ் முறையில் இந்த ஒலி ஓகாரத்தில் தொடங்காது, அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் ஒரு மெலிந்த ஒலியில் தொடங்கும். அமெரிக்க முறையில் ஓகாரத்தில்தான் தொடங்கும். நமக்கு ஓகாரம் கையில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பிரிட்டிஷ் தொடக்கத்தைப் பிடிக்கப் போனவர்கள் பலர் ‘கவ்’ என்று முடித்து, போகிறேன் என்பதைப் பசுமாடு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

அறிகுறி: நவ், ஹவ் என்று சொன்னால் கடைசியில் பல் கடிபடுகிறது, டவுன், ரவுண்ட், ஹவுஸ் இரண்டாக உடைகிறது

தலை குறுகி வால் தடிப்பதுதான் இங்கே வியாதி. நாம் அகரத்தில் தொடங்கி உடனே வகரத்துக்கு ஓடுகிறோம். ஆங்கிலத்தில் தொடக்கம் ஆகாரத்துக்குப் பக்கம், வாய் நன்றாகத் திறந்து, அங்கே கொஞ்சம் தங்கி, அப்புறம் உதடு குவியத் தொடங்குகிறது. பூனை மாதிரி ‘மியாவ்’ என்று சொல்லிப் பாருங்கள், குழந்தைக்குச் சொல்லிக்காட்டுகிற மாதிரி நிதானமாக. ஆவில் வாய் திறந்து, கடைசியில் உதடு குவிகிறது, பல் எங்கேயும் படவில்லை. மியாவின் தொடக்கத்தில் உள்ள ‘மிய்’யை விட்டுவிட்டு ‘ந்’ போட்டால் இப்போது என்ற சொல் தயார். ‘ஹ்’ போட்டால் எப்படி என்ற சொல். பல்லில் ஒட்டும் பழக்கம் போகாதவர்கள் கீழுதட்டின் மேல் ஒரு விரலைப் படுக்கவைத்து, அது உள்ளே போகாமல் பிடித்துக்கொண்டு பத்து முறை சொல்லலாம். எங்கள் வகுப்பில் இதுதான் ரொம்பச் சீக்கிரம் சரியாகிற கோளாறு.

உடைவது தனிச் சிக்கல். ‘டவுன்’ என்று நாம் எழுதும் எழுத்தே ட, வுன் என்று இரண்டு அசை. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். டவுன், ரவுண்ட், ஹவுஸ், அவுட், எல்லாவற்றுக்கும் ஒரே தட்டுதான். இரண்டாவது தட்டுக்கு விரல் தானாக எழுந்தால் நடுவில் வகரம் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கிறது என்று அர்த்தம். ‘டாஉன்’ என்று, வகரத்தை எடுத்துவிட்டு ஆவிலிருந்து உவுக்குக் குரலை நிறுத்தாமல் இறக்கிப் பாருங்கள், சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி. குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகும் ஒரு பெண், ரவுண்ட் என்ற சொல்லை ஒரு குத்து விடும் மூச்சில் சொல்லிப் பழகினாள், ஒரு மூச்சுக்கு ஒரு அசை. அவளுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது.

அறிகுறி: பையன் என்று சொன்னால் போய் வருகிறேன் என்று கேட்கிறது, ஆயில், காயின், பாயிண்ட்

நான்கில் இதை விட்டுவிடாமல் சரிசெய்யுங்கள் என்பேன். மற்ற மூன்றில் ஒலி குறைகிறது, இதில் ஒலியே மாறுகிறது. தமிழில் ‘பாய்’ என்று எழுதிப் படித்ததால் ஆகாரத்தில் தொடங்குகிறோம், ஆகாரத்தில் தொடங்கி இகரத்தில் முடிவது ஆங்கிலத்தில் வேறொரு டிப்தாங், விடைபெறும்போதும் வாங்கும்போதும் சொல்வது. ‘ஆஃபீஸ் பாய்’ என்று சொன்னால் ஆபீஸை வாங்குவதா என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். டாய் என்றால் பொம்மைக்குப் பதில் கழுத்தில் கட்டும் டை கேட்கும்.

தொடக்கம் ஓகாரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், உதடு குவிந்து தொடங்கி, பிறகு விரிந்து இகரத்துக்குப் போக வேண்டும். ‘போய்ட்டு வரேன்’ என்பதில் உள்ள ‘போய்’தான் இது. பகரத்தை மட்டும் பஸ் என்ற சொல்லில் வருகிற மாதிரி அதிர்வோடு எடுங்கள். ‘வந்துட்டான்டோய்’ என்று கத்திப் பார்த்து, அந்த டோயின் டகரத்தை டீ என்பதில் வருவதுபோல் மாற்றினால் பொம்மை கிடைக்கும். ‘கோயில்’ என்று பாதி சொல்லி நிறுத்தினால் நாணயத்தின் தொடக்கம் கிடைக்கும்.

ஆயில் என்பதற்கு இரண்டு வேலை: ஆகாரத்தை ஓகாரம் பக்கம் கொண்டுவருவது, இரண்டு தட்டை ஒரு தட்டாக்குவது. ‘ஓய்ல்’ என்று எழுதி வைத்துப் படியுங்கள். ரயில், மெயில், ஜெயில் என்று நாம் எழுதுவதெல்லாமும் இதே மாதிரி உடைந்தவைதான், யகரத்துக்குப் பின்னால் இல்லாத ஓர் இகரத்தை நுழைத்திருக்கிறோம். லகரத்துக்கு முன்னால் ஆங்கிலேயர் வாயிலும் ஒரு சின்ன வீக்கம் வரும், அதனால் தட்டு முழுசாக ஒன்றாகவில்லையே என்று லகரச் சொற்களில் மட்டும் கவலைப்படத் தேவையில்லை. காயின், பாயிண்ட் இரண்டிலும் அந்தச் சலுகை கிடையாது, அவை ஒரு தட்டு.

அறிகுறி: தனிச் சொல்லில் சரியாக வருகிறது, வாக்கியத்தில் அறுந்துவிடுகிறது

பெரும்பாலும் அடுத்த சொல் உயிரில் தொடங்கும் இடத்தில் அறும். ‘கோ அவுட்’ என்பதில் கோவுக்குப் பிறகு தொண்டையில் ஒரு பூட்டுப் போட்டு, மறுபடி திறந்து அவுட் என்கிறோம். ‘டே ஆஃப்’ என்பதிலும் அதே. ஆனால் தமிழில் நாம் இப்படிப் பூட்டுவதில்லை. கோ என்பதோடு இல் சேர்ந்தால் கோவில், கோயில். உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் ஒரு வகரமோ யகரமோ தானாக வந்து உட்காரும், உடம்படுமெய் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தில் அந்த வேலையை டிப்தாங்கின் வாலே செய்கிறது. டே வகைக்கும் பாய் வகைக்கும் பின்னால் யகரச் சாயல், கோ வகைக்கும் நவ் வகைக்கும் பின்னால் உதடு குவிந்த வகரச் சாயல். ‘டேயாஃப்’, ‘கோவவுட்’ என்று ஒரே சொல்லாக எழுதிப் படியுங்கள், பல் படாமல். வாலை வெட்டியவருக்கு அடுத்த சொல்லுக்குப் போகப் பாலம் இருக்காது, அதனால்தான் தொண்டையில் பூட்டு விழுகிறது.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு: பின்னால் எதுவும் இல்லாத இடத்தில் உகரம் சேர்த்து ‘கோவு’, ‘நவ்வு’ என்று முடிப்பது. பதிவைப் பாதி வேகத்தில் கேட்டால் அந்தக் கூடுதல் உகரம் தனியாகத் தெரியும். வால் தணிந்து மறைய வேண்டும், தரையில் குதிக்கக் கூடாது.

தம்பியின் வாக்கியத்தைச் சரிசெய்த விதம்

‘ஆயில் லோட் கோஸ் அவுட் டுடே.’ முதல் பதிவில் அவர் சொன்னதைக் கேட்டபடி எழுதினால் ‘ஆ-யில் லொட் கொஸ் அவ்ட் டுடெ’. ஐந்து சொல்லில் ஆறு கோளாறு, முதல் சொல்லில் மட்டும் இரண்டு.

முன்னால் இருந்து தொடங்கவில்லை, கடைசிச் சொல்லை முதலில் எடுத்தோம். டுடேயில் டேக்குப் பின்னால் எதுவும் இல்லை, அழுத்தமும் அங்கேதான் விழுகிறது, அதனால் நீட்ட இடமிருக்கிறது. தெருமுனையில் நிற்கும் நண்பனைக் கூப்பிடுவதாக நினைத்து ‘டு, டேய்’ என்றார். பிறகு குரலைத் தணித்து, யகரத்தைப் பாதியாக்கி, மூன்று முறை. தலைகீழாக ஓடவிட்டபோது ‘யே’ என்று தொடங்கியது, சரி என்று அடுத்ததற்குப் போனோம்.

அவுட்டை மியாவிலிருந்து எடுத்தோம். ஆ என்று திறந்து உதடு குவித்து டகரம். பின்னால் டகரம் இருப்பதால் இது நவ் அளவுக்கு நீளக் கூடாது, ஒரு தட்டில் முடிய வேண்டும். பிறகு அவுட் டுடே இரண்டையும் சேர்த்தார், நடுவில் உள்ள இரண்டு டகரத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு.

லோடும் கோஸும்தான் நேரம் எடுத்தன. லோட் என்பதன் கடைசி மெய் அதிர்வுள்ளது, ரோடு, கோடு என்பவற்றில் வரும் டகரம். அப்படிப்பட்ட மெய்யின் முன்னால் உயிர் நீளும், கோட்டு என்று நாம் இரட்டிக்கும் வல்லோசையின் முன்னால் குறுகும். நாம் கோட்டு, கோடு என்று மெய்யை வைத்துப் பிரிக்கிறோம். ஆங்கிலக் காதோ உயிர் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துப் பிரிக்கிறது. தம்பி லோட்டை வல்லோசையில் முடித்து உயிரையும் குறுக்கியிருந்தார், லாட் என்று கேட்டதற்கு இரண்டு காரணமும் சேர்ந்திருந்தன. ‘யக்கோவ்’ சொல்லி, உதடு சுருங்குவதைக் கேமராவில் பார்த்து, ‘லோஉட்’ என்று நிதானமாகப் பத்து முறை, பிறகு வழக்கமான வேகத்தில் பத்து முறை. கோஸுக்கும் அதே. இந்த இரண்டுக்கும் நான்கு மாலைகள் ஆயின, ஒவ்வொரு மாலையும் கால் மணி நேரம்.

ஆயிலைக் கடைசியில் எடுத்தோம். ‘ஓய்ல்’ என்று காகிதத்தில் எழுதி, யார்டில் அவர் உட்காரும் மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொண்டார். ஐந்தும் சேர்ந்த பிறகு வாக்கியம் முன்பைவிடக் கொஞ்சம் நீண்டது, வேகம் குறைந்த மாதிரி அவருக்கே தோன்றியது. குறைக்க வேண்டாம், அந்த நீளம் உயிர்களுக்குச் சேர வேண்டியது என்றேன். வேகம் வேண்டுமென்றால் சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சுருக்கலாம்.

அடுத்த வாரம் போன் வந்தபோது எதிர்முனையில் இருந்தவர் லோட் எண்ணைக் கேட்டார், “விச் லாட்?” என்று கேட்கவில்லை. தம்பிக்கு இன்னும் ‘கோட்’ அப்படியே இருக்கிறது, அவசரத்தில் சொன்னால் நீதிமன்றப் பக்கம் போய்விடுகிறது. அதை இந்த வாரம் எடுத்திருக்கிறோம், கேமராவை வைத்துக்கொண்டு.